ஒரே சம்பளம், மூன்று விடை

ஆண்டுக்குப் பத்து லட்ச ரூபாய் சம்பளம் வாங்குகிற ஒருவர், புதிய வரி முறையில் எவ்வளவு வருமான வரி கட்ட வேண்டும்? இன்ஸ்டாகிராமில் தேடிப் பாருங்கள். ஒரு பதிவு 54,600 ரூபாய் என்கும், இன்னொன்று 44,200 என்கும், மூன்றாவது ஒரு ரூபாய்கூட வேண்டாம் என்கும். மூன்றையும் போட்டவர் ஒரே ஆளாகவும் இருக்கலாம். போட்ட நாளில் மூன்றுமே சரியான கணக்குகள்தான்.

படம் படமாகத் தள்ளிப் படிக்கும் பதிவை கேரசல் என்கிறார்கள். ‘வருமான வரி: எந்த வருமானத்துக்கு எவ்வளவு?’ மாதிரியான கேரசலுக்கு வயதே ஆவதில்லை. ஆண்டு முழுக்க யாராவது தேடி வந்து சேவ் செய்துகொள்வார்கள், குடும்ப வாட்ஸப் குழுவில் போடுவார்கள். ஆனால் தலைப்புக்குத்தான் வயதாகாது. உள்ளே இருக்கும் எண்களுக்கு ஆகும். எண்களை மாற்றித் திரும்பப் போடும்போது பழைய பதிவை வைத்திருப்பவர் எதை நம்புவது என்று தெரியாமல் நிற்கக் கூடாது. அதுதான் இதில் கஷ்டமான வேலை. புதிய படம் வரைவது அரை நாள் வேலைதான்.

வரிக் கேரசலையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் 2024 மே மாதம் அதைப் போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நிலையான கழிவு 50,000 ரூபாய். பத்து லட்சத்தில் அதைக் கழித்தால் 9.5 லட்சம். முதல் மூன்று லட்சத்துக்கு வரி இல்லை. மூன்றிலிருந்து ஆறு வரை 5 சதவீதம், ஆறிலிருந்து ஒன்பது வரை 10, அதற்கு மேலே மிஞ்சிய அரை லட்சத்துக்கு 15. கூட்டினால் 52,500. அதன் மேல் 4 சதவீத செஸ் சேர்த்தால் 54,600. முதல் ஸ்லைடில் ‘2024-25’ என்று நிதியாண்டையும் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்.

அது தேர்தல் ஆண்டு. பிப்ரவரியில் வந்தது இடைக்கால பட்ஜெட். முழு பட்ஜெட் ஜூலை 23-ஆம் தேதி வந்தது. அன்று நிலையான கழிவு 75,000 ஆனது, வரம்புகளும் நகர்ந்தன: மூன்றிலிருந்து ஏழு லட்சம் வரை 5 சதவீதம், ஏழிலிருந்து பத்து வரை 10. இந்த மாற்றம் அதே 2024-25 முழுமைக்கும், ஏப்ரல் முதல் தேதியிலிருந்தே பொருந்தியது. பத்து லட்சக்காரருக்கு வரி 44,200 ஆகக் குறைந்தது. ஆக, மே மாதக் கேரசலில் ‘2024-25’ என்று இருக்கிறது, ஜூலைக் கேரசலிலும் ‘2024-25’ என்றே இருக்கும். ஆண்டை மட்டும் எழுதினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. இந்தக் கணக்கு எந்த ஆண்டுக்கு என்பது ஒன்று, எந்தத் தேதி வரை தெரிந்ததை வைத்துப் போட்டது என்பது இன்னொன்று. இரண்டும் வேண்டும்.

அடுத்து 2025 பிப்ரவரி 1. பன்னிரண்டு லட்சம் வரை வரி இல்லை என்று அறிவிப்பு வந்தது. சம்பளக்காரருக்கு நிலையான கழிவோடு சேர்த்து 12.75 லட்சம். அன்று மாலையே எல்லாப் பக்கங்களிலும் கேரசல் களைகட்டியது. ஆனால் அது 2025 ஏப்ரல் முதல் சம்பாதிக்கும் பணத்துக்கு. 2025-இன் நடுவில் வரி ரிட்டர்ன் தாக்கல் செய்ய உட்காருகிறவர் கையில் இருப்பது 2024-25 வருமானம். அவருக்கு வேண்டியது 2024 ஜூலையில் போட்ட அந்தப் பழைய கேரசல்தான். புதியதைப் பார்த்துவிட்டு ‘எனக்கு வரியே இல்லை’ என்று உட்கார்ந்தால் அவருக்குத்தான் நஷ்டம்.

புதுப்பிக்கும் வேலைக்குள் இப்படி இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. மே மாதப் பதிவு இனி அதில் எழுதியிருக்கும் ஆண்டுக்கே பொருந்தாது. அதற்கு இணையத்தில் இடமில்லை. ஜூலைப் பதிவு பழையதுதான், ஆனால் தவறு இல்லை. வேறு ஆண்டுக்கு உரியது. முதலாவதை ஆர்க்கைவ் செய்துவிடலாம். லைக்கும் கமெண்ட்டும் உங்களிடம் அப்படியே இருக்கும், வெளியே யாருக்கும் தெரியாது. இரண்டாவதை எடுத்தால், அதைச் சேவ் செய்து வைத்துக்கொண்டு தாக்கல் செய்யக் காத்திருந்தவருக்கு, தேவைப்படும் நேரத்தில் அது கிடைக்காது. ‘பழசு’ என்பதற்காகவே எல்லாவற்றையும் அழித்துப் பக்கத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை.

பழைய பதிவிலேயே எண்ணைத் திருத்திவிட்டால் என்ன என்று தோன்றும். இன்ஸ்டாகிராம் அதற்கு வழி வைக்கவில்லை. போட்ட கேரசலிலிருந்து ஒரு ஸ்லைடை எடுக்கலாம். அந்த இடத்தில் வேறொன்றை வைக்க முடியாது. வரம்பு அட்டவணை இருக்கிற ஸ்லைடை எடுத்தால் மீதி ஸ்லைடுகள் எதைப் பற்றிப் பேசுகின்றன என்றே புரியாது. திருத்த முடிவது கேப்ஷன்தான். எனவே விட்டுவைக்கிற பதிவின் கேப்ஷனில், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால், இப்படி ஒரு வரி: ‘இது 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை சம்பாதித்த பணத்துக்கு. அதற்குப் பிந்தைய வருமானத்துக்கு, பக்கத்தின் உச்சியில் பின் செய்த பதிவைப் பாருங்கள்.’ கேப்ஷனின் தொடக்கம்தான் திறக்காமலே கண்ணில் படும். கீழே எழுதினால் எழுதாததற்குச் சமம். கேப்ஷனுக்குள் ஒட்டும் லிங்க் தொட்டால் திறக்காது, அதனால்தான் ‘பின் செய்த பதிவு’ என்று இடத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பக்கத்தின் உச்சியில் மூன்று பதிவுகளைப் பின் செய்யலாம். ஒன்றை இதற்கென்றே ஒதுக்குவது தகும்.

அதே வரியைப் பழைய பதிவின் கீழ் கமெண்ட்டாகவும் போட்டுப் பின் செய்யலாம். அங்கே இன்னொரு வேலையும் காத்திருக்கும். ‘அண்ணா, எனக்கு எட்டு லட்சம், எவ்வளவு வரும்?’ என்று கேட்டவருக்கு நீங்கள் அன்றைக்கு ஒரு எண் சொல்லியிருப்பீர்கள். படத்தில் இருப்பதை எல்லோரும் சரிபார்க்கிறார்கள். கமெண்ட்டில் சொன்ன பதிலை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே கேள்வியோடு வருகிற அடுத்தவர் படத்தைவிட அந்தப் பதிலைத்தான் நம்புவார். அதன் கீழேயே ‘இது 2024-25 கணக்கு’ என்று ஒரு வரி சேர்த்துவிட வேண்டும்.

இனி புதிய கேரசல். எண்களை மாற்றுகிறவர்கள் அட்டவணையை மாற்றிவிட்டு எடுத்துக்காட்டை மறந்துவிடுவது சர்வசாதாரணம். ஐந்தாவது ஸ்லைடில் ‘பத்து லட்சத்துக்கு 44,200’ என்று அப்படியே நிற்கும். எண்ணைத் திருத்தினாலும் வேலை முடியாது. 2025-26-இல் பத்து லட்சத்துக்கு விடை பூஜ்யம். வரி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை அந்த எடுத்துக்காட்டு இனிமேல் சொல்லித் தராது. பதினைந்து லட்சத்தை எடுத்துக்கொள்ளலாம். நிலையான கழிவு போக 14.25 லட்சம். நான்கு லட்சம் வரை இல்லை, எட்டு வரை 5 சதவீதம், அது 20,000, பன்னிரண்டு வரை 10 சதவீதம், 40,000, மிஞ்சிய 2.25 லட்சத்துக்கு 15 சதவீதம், 33,750. மொத்தம் 93,750, செஸ்ஸோடு 97,500. அட்டவணை ஏன் நான்கு லட்சத்திலிருந்து தொடங்குகிறது, பன்னிரண்டு வரை வரி இல்லை என்கிறார்களே என்று குழம்புகிறவருக்கும் இங்கேதான் பதில் கிடைக்கும். பன்னிரண்டு லட்சத்துக்கும் 60,000 ரூபாய் வரி கணக்கில் வரத்தான் செய்கிறது. அதைத் தள்ளுபடி செய்கிறார்கள். வரம்பை நன்றாகத் தாண்டினால் தள்ளுபடி போய்விடும். பங்கு விற்ற லாபம் மாதிரி தனி விகிதத்தில் வரி போடும் வருமானத்துக்கு இந்தத் தள்ளுபடி செல்லாது. ‘12 லட்சம் வரை வரி இல்லை’ என்று கொட்டை எழுத்தில் போட்ட முதல் ஸ்லைடு வாட்ஸப்பில் தனியாகப் போகும்போது இதெல்லாம் கூடவே போகாது.

அப்படித் தனியாகப் போவதைத் தடுக்கவும் முடியாது. ஸ்கிரீன்ஷாட் எடுப்பவர் எட்டு ஸ்லைடையும் எடுப்பதில்லை. அட்டவணையை மட்டும் எடுப்பார். அதனால் ஆண்டும் தேதியும் முதல் ஸ்லைடில் மட்டும் இருந்தால் பிரயோஜனமில்லை. எண் இருக்கிற ஒவ்வொரு ஸ்லைடிலும், வெட்டினாலும் போகாதபடி அட்டவணைக்குள்ளேயே இருக்க வேண்டும். மூலையில் சின்னதாகப் போட்டால் முதலில் வெட்டுப்படுவது அதுதான்.

முகப்பு விஷயத்தில் இரண்டு பக்கமும் இழுப்பு உண்டு. பழைய முகப்பையே வைத்தால் சேவ் செய்தவர் ‘இதுதான் நம்மிடம் இருக்கிறதே’ என்று தள்ளிவிடுவார். எல்லாவற்றையும் மாற்றினால் இது அதன் அடுத்த பதிப்பு என்றே தெரியாது. அவரிடம் இரண்டும் தனித்தனிப் பதிவுகளாக இருக்கும். தலைப்பின் வாசகத்தையும் அமைப்பையும் தொடாமல், நிறத்தை மட்டும் மாற்றி, ஆண்டுப் பட்டையைப் பெரிதாக்குவது எனக்குச் சரியாகப் படுகிறது. இரண்டாவது ஸ்லைடு முழுக்கப் பழைய வாசகருக்கு: எது மாறியது, எது மாறவில்லை, பழைய பதிவை எப்போது பார்க்க வேண்டும். பழைய வரி முறையின் வரம்புகளையும் விகிதங்களையும் இந்த பட்ஜெட் மாற்றவில்லை என்ற ஒரு வரி அங்கே இருந்தால், அதில் இருப்பவர்கள் மீதியைப் படிக்கவே வேண்டாம். முதல் ஸ்லைடைத் தள்ளிவிட்டுப் போனவருக்கு இன்ஸ்டாகிராம் சில நேரம் அதே பதிவை இரண்டாவது ஸ்லைடிலிருந்து காட்டுவதும் உண்டு. அந்த ஸ்லைடு தனியாகவே நிற்கும்படி எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எத்தனை பேர் சேவ் செய்தார்கள் என்று தெரியும். யார் யார் என்று தெரியாது. கேப்ஷனைத் திருத்தினால் அவர்களுக்கு அறிவிப்பும் போகாது. எனவே ஒரு ஸ்டோரி போட்டே ஆக வேண்டும். அதில் புதியதை மட்டும் காட்டாமல் பழைய முகப்பையும் பக்கத்தில் வைத்து, ‘இதைச் சேவ் செய்தவர்கள் கவனிக்க’ என்று எழுதலாம். பழைய படத்தைப் பார்த்தால்தான் அவர்களுக்கு நினைவு வரும்.

பட்ஜெட் நாளில் வருவது முன்மொழிவு. நாடாளுமன்றம் நிதி மசோதாவை நிறைவேற்றிய பிறகுதான் சட்டம். பிப்ரவரியில் போடுவதானால் ‘அறிவிப்பு’ என்றும், ஏப்ரலில் ‘அமலில் உள்ளது’ என்றும் எழுதுவது முறை. வரம்பில் ஒன்றும் மாறவில்லையென்றால் ஏப்ரலில் மறுபடி கேரசல் வேண்டாம். கேப்ஷனில் ஒரு சொல்லை மாற்றினால் முடிந்தது.

இந்த ஆண்டுப் பட்டையிலேயே இப்போது புதிதாக ஒரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. 2025-இல் இயற்றிய புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமலாகிறது. ‘மதிப்பீட்டு ஆண்டு’ போய், ‘வரி ஆண்டு’ வருகிறது. பழைய வழக்கப்படி மதிப்பீட்டு ஆண்டு 2026-27 என்றால் 2025-26-இல் சம்பாதித்த பணம். புதிய வழக்கில் வரி ஆண்டு 2026-27 என்றால் அதே 2026-27-இல் சம்பாதிக்கும் பணம். ஒரே எண், ஓராண்டு தள்ளி. 2026-இல் ரிட்டர்ன் போடுகிறவரின் படிவத்தில் முதலாவது இருக்கும், உங்கள் புதிய கேரசலில் இரண்டாவது இருக்கும். அதனால் பட்டையில் அந்த நான்கும் இரண்டுமான எண்ணைப் போடாமல், ‘2026 ஏப்ரல் முதல் 2027 மார்ச் வரை வாங்கும் சம்பளத்துக்கு’ என்று மாதத்தோடு முழுதாக எழுத வேண்டும். இடம் போதவில்லையென்றால் தலைப்பைச் சின்னதாக்கிக்கொள்ளலாம்.