இரு கால்களுக்கும் ஒரே அளவா?

கல்முனையில் சப்பாத்துக் கடை வைத்திருக்கிறேன். ஒருநாள் பின்னேரம் பக்கத்துத் தமிழ்க் கிராமத்திலிருந்து ஓர் அண்ணன் வந்தார். யுத்தத்தில் மிதிவெடியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். செயற்கைக் காலோடுதான் நடக்கிறார். "தம்பி, வழமைபோல ஏழாம் நம்பர்" என்றார்.

வலது காலின் பழைய சப்பாத்தைக் கழற்றியபோது சின்ன விரலின் ஓரத்தில் தோல் உரிந்து சிவந்திருந்தது. நீரிழிவும் இருக்கிறது, அதனால் வலி தெரியவில்லை என்றார். அவருக்கு இருப்பது அந்த ஒரு கால்தான். விற்பதை விட்டுவிட்டு முதலில் அளந்து பார்த்தேன்.

செயற்கைப் பாதம் 25 சென்ரிமீற்றர். உயிருள்ள வலது பாதம் 26.2. பன்னிரண்டு மில்லிமீற்றர் வித்தியாசம். எங்கள் கடைகளில் உள்ள பிரித்தானிய அளவில் ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் இடையில் ஏறத்தாழ எட்டரை மில்லிமீற்றர்தான். அதாவது, கிட்டத்தட்ட ஒன்றரை நம்பர். செயற்கைப் பாதம் அவர் ஏழாம் நம்பர் போட்ட காலத்தில் பொருத்தியது. அது அப்படியே இருக்கிறது. உயிருள்ள பாதமோ மாறிவிட்டது.

வளர்ந்த பிறகும் கால் வளருமா என்று கேட்டார். எலும்பு நீளுவது பதின்ம வயதோடு நின்றுவிடும். ஆனால் பாதத்தின் உள்வளைவை வில்லின் நாண் போல இழுத்துப் பிடிப்பவை தசைநார்கள். வயதும் உடல் நிறையும் ஏற ஏற அவை தளர்கின்றன. வளைவு தாழ்கிறது, பாதம் முன்னுக்கும் பக்கத்துக்கும் பரவுகிறது. அதனால்தான் நாற்பது, ஐம்பது வயதுக்குப் பிறகு பழைய நம்பர் இறுக்குகிறது. பெண்களுக்குக் கர்ப்பகாலத்திலும் இது நடக்கும். பிள்ளை பிறந்த பிறகும் பலருக்குப் பாதம் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. அண்ணனுக்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கும். இத்தனை வருடம் உடம்பின் பாரத்தில் பெரும்பங்கைச் சுமந்தது அந்த ஒரு பாதம்.

இரு கால்களும் உள்ளவர்களுக்கும் இடதும் வலதும் ஒன்றல்ல. சில மில்லிமீற்றர் வித்தியாசம் சாதாரணமானது. பிறப்பிலேயே சிறு வேறுபாடு இருக்கும். பழைய காயமோ எலும்பு முறிவோ ஒரு பக்க வளைவு அதிகமாகத் தாழ்வதோ அதைக் கூட்டும். எப்போதும் வலதுதான் பெரிது என்று சொல்ல முடியாது. அதனால் இரண்டையும் அளக்க வேண்டும்.

அளப்பது இலகு. கால் சற்று வீங்கியிருக்கும் பின்னேரத்தில், சுவரோடு ஒரு கடதாசியை வைத்து, குதிக்காலைச் சுவரில் முட்டி எழுந்து நில்லுங்கள். உட்கார்ந்தால் பாதம் விரியாது, அளவு குறைத்துக் காட்டும். ஆக நீளமான விரலின் நுனியில் இன்னொருவர் பென்சிலை நிமிர்த்திப் பிடித்துக் கோடு போடட்டும். சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளம். பெரிய பாதத்துக்கே சப்பாத்து எடுங்கள். நிற்கும்போது விரலுக்கு முன்னால் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் இடம் வேண்டும். சின்னப் பாதம் தளர்ந்தால் உள்ளே ஒரு மெல்லிய அட்டையை வைத்துச் சரிசெய்யலாம். பெரிய பாதம் நசுங்கினால் சரிசெய்ய வழியில்லை.

அண்ணனுக்கு எட்டாம் நம்பர், முன்பகுதி அகலமானதாக எடுத்தேன். செயற்கைப் பாதத்தின் பக்கம் அடியில் அட்டை வைக்கவில்லை. வைத்தால் அந்தக் கால் உயர்ந்து இடுப்பு சரியும். விரல் பகுதியில் பஞ்சு அடைத்து, மேல் நாக்கின் அடியில் ஒரு துண்டுத் துணியை ஒட்டினேன். குதி உயரம் பழைய சப்பாத்தின் உயரமாகவே இருக்கப் பார்த்துக்கொண்டேன். செயற்கைக் கால் அந்த உயரத்துக்கே சரிசெய்யப்பட்டது. குதி கூடினால் முழங்கால் முன்னுக்குத் தள்ளும். அடுத்த முறை கால் மாற்றும்போது பழைய அட்டையில் உள்ள அளவைக் கொடுக்காமல், உயிருள்ள பாதத்தைப் புதிதாக அளக்கச் சொல்லும்படியும் கூறினேன். புண்ணுக்கு மறுநாளே கிளினிக் போகச் சொன்னேன். சப்பாத்து மாறினால் மட்டும் புண் ஆறாது.

ஒன்றை மட்டும் பிரித்தறிய வேண்டும். வயதினால் வரும் மாற்றம் வருடக்கணக்கில் மெதுவாக வரும். ஒரு பாதம் மட்டும் சில நாட்களில் வீங்கிச் சூடாகிச் சிவந்தால் அது வயதல்ல. நீரிழிவுள்ளவருக்கு உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம், வலி இல்லாமலும்கூட. அதற்குப் பெரிய சப்பாத்து தேடாமல், காலை ஊன்றாமல் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

அண்ணன் புறப்படும்போது, "இருபது வருசமா ஏழுதான் கேட்டனான், ஒருத்தரும் அளக்கேல்ல" என்றார். அவர் கேட்ட நம்பரை எடுத்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.