மடித்த தாளில் முகப்புப் பக்கம்

டியூஷன் சென்டருக்கு முகப்புப் பக்கம் செய்யப்போகிறீர்களா? கோடு எழுதும் முன் ஓர் ஏ4 தாளை நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள். பெற்றோர் பெரும்பாலும் போனில்தான் பார்ப்பார்கள். அந்த ஒடுங்கிய அகலம் கைக்கு வந்துவிடும். மேலிருந்து சுமார் 20 செ.மீ.யில் ஒரு கோடு போடுங்கள். விரலால் தள்ளாமல் தெரிவது ஏறக்குறைய அதுவரைதான்.

படத்துக்குப் பெருக்கல் குறி போட்ட கட்டம், பத்திக்கு நெளிகோடு போதும். தலைப்பையும் பொத்தானையும் மட்டும் உண்மையான சொற்களில் எழுதுங்கள்.

முதல் தாளில் கட்டடத்தின் படமே கோடுவரை அடைத்துக்கொள்ளும். ஆனால், "பத்தாவது கணக்கு எடுக்குறீங்களா? எத்தனை மணிக்கு?" என்றுதானே ஓர் அம்மா கேட்பார்? படத்தைச் சுருக்கி, '6 முதல் 12 வரை: கணக்கு, அறிவியல்' என்ற வரியையும் 'போன் செய்ய' பொத்தானையும் மேலே ஏற்றுங்கள். அழிரப்பர் போதும்.

அடுத்து நேர அட்டவணை. வகுப்பு, பாடம், நாள், நேரம் என நான்கு பத்திகளை வரைந்தால் எழுத்து நெருங்கி, 'செவ்வாய்' அடுத்த கட்டத்துக்குள் நுழையும். போனிலும் அதேதான் நடக்கும். வகுப்புக்கு ஒரு கட்டமாகக் கீழே கீழே அடுக்கினால் சரியாகும்.

நிறமும் எழுத்துருவும் தாளில் தெரியாது. அவற்றைத் திரையில்தான் பார்க்க வேண்டும். தாளை ஒரு பெற்றோரிடம் நீட்டி, "சேர்க்கணும்னா எங்கே தொடுவீங்க?" என்று கேளுங்கள். விரல் தயங்கும் இடத்தைத் திருத்தி வரையுங்கள்.