96.5 சதவீதம்: ஒரு குழியின் கணக்கு

சாலைக்கு அடியில் கொட்டி ரோலர் ஓட்டிய மண் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்க, அதில் குழி தோண்டி எடுத்த மண்ணை நிறுக்கிறோம். நிறை சுலபம், கோணல்மாணலான அந்தக் குழியின் கன அளவுதான் சிக்கல். அடர்த்தி தெரிந்த காய்ந்த மணலை அதில் ஊற்றி, எத்தனை கிராம் போனது என்று பார்த்துக் கன அளவைக் கண்டுபிடிக்கிறோம். இதன் முறையை ஐ.எஸ். 2720-இன் 28-ஆம் பகுதி சொல்கிறது.

முதலில் மணலின் அடர்த்தி. 100 மி.மீ. விட்டமும் 150 மி.மீ. ஆழமும் உள்ள கலத்தின் கொள்ளளவு 1178 க.செ.மீ. மணல் உருளையை அதன்மேல் வைத்து ஷட்டரைத் திறந்தால் 2158 கிராம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். உருளையின் அடியிலுள்ள கூம்பு நிறைய 450 கிராம் பிடிக்கும் என்று சமதளத் தகட்டின்மேல் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். மீதி 1708 கிராம், அடர்த்தி 1.45 கிராம்/க.செ.மீ.

இனி களம். 100 மி.மீ. அகலத்தில் 150 மி.மீ. ஆழத்துக்குத் தோண்டிய மண் ஒரு துகளும் சிந்தாமல் 2400 கிராம். இறங்கிய மணல் 2150. கூம்பைக் கழித்தால் 1700 கிராம்.

குழியின் கன அளவு: 1700 ÷ 1.45 = 1172.4 க.செ.மீ.
ஈர அடர்த்தி: 2400 ÷ 1172.4 = 2.047
ஈரப்பதம் 10.5%, உலர் அடர்த்தி: 2.047 ÷ 1.105 = 1.852
ஆய்வகத்தில் இதே மண்ணின் உச்ச உலர் அடர்த்தி 1.92
இறுக்கம்: 1.852 ÷ 1.92 = 96.5%

நெடுஞ்சாலை விதிப்படி கரை மண்ணுக்கு 95%, சப்கிரேடுக்கு 97% வேண்டும். கரை என்றால் இந்த அடுக்கு தேறும். சப்கிரேடு என்றால் தேறாது.

இந்த அரை சதவீதத்துக்காக ரோலரைத் திரும்ப ஓட்டுவதற்கு முன் பதிவேட்டைப் பாருங்கள். இன்றைய மணலை அளக்காமல், போன லோடு மணலுக்கு எழுதிய 1.48-ஐ எடுத்துப் போட்டால் இதே குழி 98.5% காட்டும். ஈரப்பதத்தை 9% என்று குறைத்துக் கணித்தால் 97.8%. இரண்டும் தேறாத அடுக்கைத் தேறவைத்துவிடும். ஒப்பந்தக்காரருக்கு இனிக்கும் பிழைகள் என்பதால் யாரும் புகார் செய்ய மாட்டார்கள்.

எதிர்த்திசையிலும் நடக்கும். மணல் இறங்கும்போது பக்கத்தில் அதிர்வு ரோலர் ஓடினால் மணல் குலுங்கி இறுகும். கூடுதலாக 50 கிராம் உள்ளே போனால் கன அளவு 1207 ஆகி, இறுக்கம் 93.7% என்று இறங்கும். நல்ல கரையே தோற்றுப்போகும். அதனால் ஷட்டரைத் திறந்து மூடும்வரை ரோலர் நிற்க வேண்டும். குழியிலிருந்து திரும்ப எடுத்த மணலை உலர்த்திச் சலிக்காமல் ஊற்றவும் கூடாது. மண் தூளும் ஈரமும் கலந்த மணலுக்கு 1.45 பொருந்தாது.

எனவே அறிக்கையில் கையெழுத்திடுபவர் 96.5-ஐ மட்டும் பார்க்க வேண்டாம், அந்த 1.45 எந்தத் தேதியில், எந்த லோடு மணலில் எடுக்கப்பட்டது என்பதையும் அதே பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.