சார்ஜருக்குள் இருக்கும் காவல்

உள்ளங்கையில் அடங்கும் செல்போன் சார்ஜர், சுவரிலிருந்து 230 வோல்ட் வாங்கி 5 வோல்ட் தருகிறது. அந்த 5 வோல்ட் ஏறாமல் இறங்காமல் நிற்கக் காரணம் உள்ளே இருக்கும் ஆப்டோகப்ளர் என்ற சின்னஞ்சிறு பாகம். வெளியே எவ்வளவு வோல்டேஜ் போகிறது என்ற செய்தியை அது ஒளியாக மாற்றி, கம்பித் தொடர்பே இல்லாமல், கட்டுப்பாட்டு ஐசிக்கு அனுப்புகிறது.

அந்தப் பாகம் ஒருநாள் செத்துவிட்டால்? செய்தி வராததால், வெளியே வோல்டேஜ் குறைந்துவிட்டது என்று ஐசி எடுத்துக்கொள்ளும். முழு வேகத்தில் மின்சாரத்தைத் தள்ளும். 5 வோல்ட் இரு மடங்கைத் தாண்டலாம். போனின் சார்ஜிங் பகுதி கருகலாம். மிகை வோல்டேஜ் பாதுகாப்பு இதற்காகத்தான். டிரான்ஸ்ஃபார்மரில் தனியாகச் சுற்றிய ஒரு துணைக் காயிலிலும் வோல்டேஜ் அதே விகிதத்தில் ஏறும். ஐசி அதையும் கண்காணித்து, எல்லை தாண்டியதும் நின்றுவிடுகிறது. பல சார்ஜர்களில், பிளக்கைக் கழற்றி மறுபடி செருகும்வரை அது விழிக்காது.

மிகை மின்னோட்டப் பாதுகாப்பு வேறு விதம். மடிந்து மடிந்து நைந்த கேபிளில் இரண்டு கம்பிகள் உரசி ஷார்ட் ஆகின்றன என்று வைத்துக்கொள்வோம். சார்ஜரின் முதன்மைச் சுவிட்சோடு தொடராக ஒரு சிறு ரெசிஸ்டர் இருக்கும். மின்னோட்டம் கூடினால் அதன் மேல் விழும் வோல்டேஜும் கூடும். சுவிட்ச் நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடுகிறது. ஒவ்வொரு முறையும் ஐசி இதை அளக்கிறது. அளவு மீறினால் நிறுத்தும், சற்றுப் பொறுத்து முயலும், ஷார்ட் இருந்தால் மறுபடி நிறுத்தும். சார்ஜிங் குறி விட்டுவிட்டு வந்தால் முதலில் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும்.

தலையணைக்கடியில் கிடக்கும் சார்ஜரைக் காப்பது வெப்பத் தடுப்பு. ஐசியின் உட்சூடு பொதுவாக 140 டிகிரி செல்சியஸை ஒட்டி எட்டும்போது அது நிற்கும், ஆறியபின் தொடரும்.

இந்த மூன்றும் சரியாக இருந்தும் ஒரு சார்ஜர் ஆளைக் கொல்லலாம். 230 வோல்ட் பக்கத்துக்கும் கை படும் பக்கத்துக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளியும், டிரான்ஸ்ஃபார்மரில் தடித்த காப்பும் வேண்டும். போலிகள் மிச்சம் பிடிப்பது இங்கேதான். 2016-இல் யூஎல் என்ற அமெரிக்கச் சோதனை நிறுவனம் 400 போலி ஐபோன் சார்ஜர்களைச் சோதித்தது. 397 தோற்றன. அவற்றில் 12, உயிர்போகும் அளவுக்கு ஷாக் அடிக்கக்கூடியவை.

இந்தியாவில் விற்கும் சார்ஜர்களில் பிஐஎஸ் முத்திரையோடு R என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். வாங்குமுன் அந்த எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் தட்டிப் பாருங்கள். வேறு நிறுவனத்தின் பெயர் வந்தால் அந்தச் சார்ஜரைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.