'நான் ஜெயிப்பேன்' என்று தினமும் சொல்லியும் மனசு சோர்ந்துபோகிறதா? வாக்கியத்தை மாற்றிப் பாருங்கள்!

காலையில் எழுந்ததும் கண்ணாடி முன் நின்று, 'நான் தன்னம்பிக்கை உள்ளவள். நான் நினைத்ததைச் சாதிப்பேன்' என்று சொல்பவர்கள் இப்போது அதிகம். ரீல்ஸில் பார்த்து ஆரம்பிக்கிறார்கள். சிலருக்கு அன்றைய நாளே உற்சாகமாகப் போகிறது. வேறு சிலருக்கோ, சொல்லி முடித்த அடுத்த நொடியே மனம் கனத்துவிடுகிறது. 'எல்லோருக்கும் வேலை செய்கிற விஷயம்கூட எனக்கு வேலை செய்யவில்லையே' என்ற வருத்தமும் அதோடு சேர்ந்துகொள்கிறது.

இந்தப் பழக்கம் புதிதல்ல. சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பு, பிரான்ஸைச் சேர்ந்த எமில் குவே என்ற மருந்தாளுநர் இதைப் பிரபலமாக்கினார். நாளுக்கு நாள் எல்லா வகையிலும் தான் மேம்பட்டு வருவதாகக் காலையும் இரவும் 20 முறை சொல்லச் சொன்னார். எண்ணிக்கை தவறாமல் இருக்க, 20 முடிச்சுகள் போட்ட கயிற்றை விரலால் நகர்த்தச் சொன்னார். அன்று கயிறு, இன்று ஸ்டிக்கி நோட். ஆனால், இது எல்லோருக்கும் பலன் தருமா?

மணி அடித்தால் சொல்ல வேண்டும்!

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜோன் வுட், சக ஆய்வாளர்களுடன் இதைச் சோதித்துப் பார்த்தார். அந்த ஆய்வு 2009-ல் வெளியானது. தங்களைப் பற்றி உயர்வாக நினைக்கும் மாணவர்கள், தாழ்வாக நினைக்கும் மாணவர்கள் என இரு தரப்பினரையும் அழைத்தார்கள். மனதில் தோன்றுவதை நான்கு நிமிடங்கள் எழுத வேண்டும். அவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் கூடுதலாக ஒரு வேலை. 15 விநாடிகளுக்கு ஒருமுறை மணி ஒலிக்கும்போதெல்லாம், 'நான் அன்புக்குரியவன்' என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைத் தங்களுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும்.

பிறகு அவர்களின் மனநிலையை அளந்தார்கள். ஏற்கெனவே தன்மதிப்பு அதிகம் உள்ளவர்களுக்குச் சிறிது நன்மை தெரிந்தது. தன்மதிப்பு குறைந்தவர்களோ, அந்த வாக்கியத்தைச் சொல்லாதவர்களைவிட மோசமான மனநிலையில் இருந்தார்கள். மருந்து யாருக்குத் தேவையோ, அவர்களுக்கே அது ஒத்துக்கொள்ளவில்லை!

2020-ல் வேறு ஆய்வாளர்கள் இதைத் திரும்பச் செய்தபோது, அதே அளவு பாதிப்பு தென்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எனவே, 'அஃபர்மேஷன் ஆபத்து' என்று பயப்பட வேண்டியதில்லை. 'எல்லோருக்கும் ஒரே வாக்கியம் பொருந்தாது' என்று புரிந்துகொண்டால் போதும்.

மனசு ஏன் 'பொய்' என்கிறது?

ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் மனம் சும்மா இருப்பதில்லை. 'இது உண்மையா?' என்று தன்னிடம் உள்ள ஞாபகங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. நம் நம்பிக்கைக்கு ஓரளவு பக்கத்தில் இருக்கும் கருத்தை ஏற்றுக்கொள்கிறது. வெகுதூரத்தில் இருக்கும் கருத்தைத் தள்ளிவிடுகிறது. தள்ளும்போது அதற்கான ஆதாரங்களையும் எடுத்து வைக்கிறது. அங்கேதான் சிக்கல்.

'நான் எல்லோருக்கும் பிடித்தவள்' என்று சொன்னதும், போன மாதக் கல்யாணத்தில் யாருமே பேசாமல் தனியாக உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தால், அந்த நிமிடம் நீங்கள் பயிற்சி செய்தது தன்னம்பிக்கையை அல்ல, அந்தக் கசப்பான நினைவைத்தான்.

வுட் குழுவின் இன்னொரு சோதனை இதைத் தெளிவாக்குகிறது. 'இந்த வாக்கியம் உங்களுக்கு எப்படியெல்லாம் பொருந்துகிறது என்று மட்டும் யோசியுங்கள்' என்று சிலரிடம் சொன்னார்கள். 'எப்படிப் பொருந்துகிறது, எப்படிப் பொருந்தவில்லை என்று இரண்டையும் யோசிக்கலாம்' என்று மற்றவர்களிடம் சொன்னார்கள். தன்மதிப்பு குறைந்தவர்களில், இரண்டையும் யோசிக்க அனுமதிக்கப்பட்டவர்களே நல்ல மனநிலையில் இருந்தார்கள். 'நல்லதை மட்டும்தான் நினைக்க வேண்டும்' என்ற கட்டாயமே அவர்களை அழுத்தியிருக்கிறது.

'ஆனா...' சோதனை

உங்கள் வாக்கியம் எந்த ரகம் என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். அதை ஒரே ஒருமுறை சத்தமாகச் சொல்லுங்கள். பத்து விநாடி அமைதியாக இருங்கள். மனம் சொல்லும் பதிலை அப்படியே ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு, அந்த வாக்கியத்தை எவ்வளவு நம்புகிறீர்கள் என்று 10-க்கு மதிப்பெண் போடுங்கள். பதில் 'ஆனா...' என்று ஆரம்பித்து, மதிப்பெண்ணும் 5-க்குக் கீழே இருந்தால், அந்த வாக்கியம் இப்போதைக்கு உங்களுக்கானது அல்ல. 7 அல்லது 8 வரும்வரை வாக்கியத்தை மாற்ற வேண்டும். சிந்தனைகளை ஆராயும் உளவியல் சிகிச்சையிலும் இப்படி நம்பிக்கையை அளந்து பார்க்கும் வழக்கம் உண்டு.

ஒரு வாக்கியம் மாறும் விதம்

உதாரணத்துக்கு, டி.என்.பி.எஸ்.சி குரூப் 4 தேர்வை மூன்றாவது முறையாக எழுதப்போகும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். 'நான் இந்த முறை நிச்சயம் வெற்றி பெறுவேன்' என்று பீரோ கதவில் எழுதி ஒட்டியிருக்கிறார். சோதனை செய்து பார்க்கிறார். 'ஆனா, ரெண்டு தடவையும் கணக்குலதானே போச்சு' என்று மனம் சொல்கிறது. நம்பிக்கை மதிப்பெண் 3.

இந்த 'ஆனா'வை அவர் விரட்ட வேண்டியதில்லை. பிரச்னை எங்கே இருக்கிறது என்று அதுவே காட்டிக்கொடுத்துவிட்டது. இனி மூன்று மாற்றங்கள்.

முதலில், முடிவைப் பற்றிய வாக்கியத்தைச் செயலைப் பற்றியதாக மாற்றுகிறார். வெற்றி அவர் கையில் மட்டும் இல்லை. 'தினமும் பத்து கணக்கு போடுகிறேன்' என்பது அவர் கையில் இருக்கிறது. மதிப்பெண் 6.

இரண்டாவது, ஆதாரம் சேர்க்கிறார். பழைய மாதிரித் தேர்வுத் தாள்களை எடுத்துப் பார்க்கிறார். கணக்குப் பகுதியின் 25 கேள்விகளில் ஆறு மாதங்களுக்கு முன்பு 9 சரி. இப்போது 14. 'கணக்கு எனக்கு இன்னும் கஷ்டம்தான். ஆனாலும் 9-லிருந்து 14-க்கு வந்திருக்கிறேன்' என்று எழுதுகிறார். இதை மனம் மறுக்க முடியாது. தாளே சாட்சி. மதிப்பெண் 8. கஷ்டத்தையும் ஒப்புக்கொள்வதால் இங்கே 'ஆனா'வுக்கு வேலை இல்லை.

மூன்றாவது, தடுமாறும் நேரத்துக்கு ஒரு வாக்கியம். 'தெரியாத கணக்கு வந்தால், குறித்து வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போவேன். கடைசியில் திரும்பி வருவேன்.' பயம் வரும் இடத்தில் செய்ய வேண்டியதை இது ஞாபகப்படுத்தும்.

14 என்பது 17 ஆனால், வாக்கியத்தையும் மாற்றி எழுத வேண்டும். ஒரே வரியை வருடக்கணக்கில் சொன்னால், அது வெறும் சத்தமாகிவிடும்.

எப்போது நிறுத்த வேண்டும்?

வாக்கியத்தைச் சொல்வதற்கு முன்பும் பின்பும் மனநிலையைக் குறித்து வையுங்கள். ஒரு வாரம் பார்த்தும் பின்னால் உள்ள மதிப்பெண்ணே குறைவாக இருந்தால், எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். வாக்கியத்தை மாற்றுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

இரண்டு வாரங்களுக்கும் மேலாக எதிலும் நாட்டமில்லாமை, தூக்கமின்மை, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம் தொடர்ந்தால், அதற்கு அஃபர்மேஷன் சிகிச்சை ஆகாது. மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண்ணான 14416-ஐ 24 மணி நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

பீரோ கதவில் இப்போது ஒட்டியிருக்கும் வாக்கியத்தை ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். மனசு என்ன பதில் சொல்கிறது?