டவர் முழுசா இருக்கு, நெட் மட்டும் இல்லை

புதிதாக ஸ்மார்ட்போன் வாங்கியவர்கள் கடைக்காரரிடம் திரும்பி வந்து சொல்லும் குறைகளில் ஒன்று எந்த ஊரிலும் மாறுவதில்லை. "டவர் ஃபுல்லா காட்டுது, ஆனா நெட் வரலை." சொல்பவர் பொய் சொல்லவில்லை, போனும் பொய் காட்டவில்லை. திரையின் மேல் விளிம்பில் இருக்கும் அந்த ஒல்லியான பட்டையில் ஒவ்வொரு குறியும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். நெட் வருகிறதா என்ற கேள்வியை டவர் கோடுகளிடம் கேட்டால் பதில் கிடைக்காது.

ஆண்ட்ராய்டு போன்களில் அந்தப் பட்டை இரண்டு பாதியாகப் பிரிந்திருக்கும். இடது பக்கம் மணியும், வாட்ஸ்அப், எஸ்எம்எஸ், தவறிய அழைப்பு என்று வந்து போகும் அறிவிப்புகளும். அவற்றைத் தள்ளிவிட்டால் மறைந்துவிடும். வலது பக்கத்தில் இருப்பவை போனின் அப்போதைய நிலையைச் சொல்பவை. நிலை மாறினால்தான் அவையும் மாறும். குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த வலது மூலையில்தான்.

முதலில் கோடுகள். போன் அருகிலுள்ள கோபுரத்திலிருந்து வரும் ரேடியோ அலை எவ்வளவு வலுவாக வந்து சேர்கிறது என்பதை அளக்கிறது. அந்த அளவு டிபிஎம் என்ற கணக்கில் வரும், எப்போதும் கழித்தல் குறியோடு. செட்டிங்ஸில் 'போனைப் பற்றி' என்ற பகுதிக்குள், சிம் நிலை என்ற இடத்தில் இதைப் பெரும்பாலான போன்களில் பார்க்கலாம். உதாரணமாக -97 dBm என்று இருக்கும். 4ஜியில் -85 என்றால் நல்ல சிக்னல், -115 என்றால் பேச்சு விட்டுவிட்டு வரும். 10 எண் இறங்கினால் வந்து சேரும் வலு பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள். ஆகவே கூடத்தில் -90, உள்ளறையில் -110 என்றால், சுவர்கள் நூறில் தொண்ணூற்றொன்பது பங்கை விழுங்கிவிட்டன.

இந்த எண்ணைக் கோடுகளாக மாற்றுவது எப்படி என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான விதி கிடையாது. எத்தனை டிபிஎம்முக்கு எத்தனை கோடு என்பது போனுக்குப் போன் மாறும். ஒரே மேஜையில் ஒரே கம்பெனி சிம்மோடு இருக்கும் இரண்டு போன்களில் ஒன்று நான்கு கோடும் மற்றொன்று இரண்டு கோடும் காட்டுவதை வைத்து எது நல்ல போன் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. எண்ணைப் பார்த்து ஒப்பிட்டால் ஓரளவு தெரியும்.

வலுவான அலை வந்தாலும் நெட் வேகமாக இருக்க வேண்டும் என்பதில்லை. மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகைக் கரையில் நிற்பவர் எடுத்த வீடியோவை அங்கிருந்தே அனுப்பிப் பார்த்தால் தெரியும். கோபுரம் பக்கத்தில்தான் இருக்கிறது, கோடுகளும் முழுசாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கோபுரம் தன் கொள்ளளவை ஒரே நேரத்தில் கூட்டம் முழுவதற்கும் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த நெரிசலைக் காட்டும் குறி எதுவும் பட்டையில் இல்லை.

இன்னொரு பொதுவான காரணமும் குறியில் தெரியாது. தினம் 1.5 ஜிபி, 2 ஜிபி என்று ரீசார்ஜ் செய்தவருக்கு அன்றைய அளவு தீர்ந்துபோனால், பெரும்பாலான திட்டங்களில் இணைப்பு அறுவதில்லை. வேகம் மட்டும் 64 கேபிபிஎஸ் என்ற அளவுக்கு இறங்கிவிடும். 4G என்ற எழுத்து அப்படியே நிற்கும். வாட்ஸ்அப்பில் எழுத்துச் செய்தி போகும், படம் சுற்றிக்கொண்டே இருக்கும், யூட்யூப் அசையாது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் செட்டிங்ஸை நோண்ட வேண்டாம். சிம் கம்பெனியின் ஆப்பில் மீதி டேட்டா எவ்வளவு என்று பார்த்தால் போதும்.

கோடுகளுக்குப் பக்கத்தில் நிற்கும் எழுத்துதான் உண்மையில் அதிகம் சொல்கிறது. E என்றால் 2ஜி காலத்து இணைப்பு. அதில் இன்றைய ஆப்கள் திறப்பதே சிரமம். H அல்லது H+ என்றால் 3ஜி. பிறகு 4G அல்லது LTE, அதற்கு மேல் 5G. அந்தக் கணத்தில் கோபுரத்தோடு எந்த வழியில் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பதைப் போன் இந்த எழுத்தால் சொல்கிறது.

5G என்ற எழுத்தை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கலாம். இந்தியாவில் 5ஜி சேவை 2022 அக்டோபர் 1-இல் தொடங்கியபோது ஏர்டெல், இருக்கிற 4ஜி வலையமைப்பின் மேல் 5ஜியை ஏற்றும் முறையைக் கையாண்டது. ஜியோ தனித்து நிற்கும் 5ஜியை அமைத்தது. முதல் முறையில், 'இந்தக் கோபுரத்தில் 5ஜி உண்டு' என்று 4ஜி அலை அறிவித்தாலே சில போன்கள் 5G என்று காட்டிவிடும். டேட்டா அந்த நேரத்தில் 4ஜியில் போய்க்கொண்டிருக்கலாம்.

அடுத்தது VoLTE. சில போன்களில் VoLTE1, VoLTE2 என்று சிம்முக்கு ஒன்றாக நிற்கும், வேறு சிலவற்றில் HD என்று இருக்கும். பலர் இதை ஏதோ அலங்காரம் என்று நினைத்து அணைத்துவிடுவதும் உண்டு. அணைத்தால் என்ன ஆகும் என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். 2ஜியும் இன்னும் நடத்தும் கம்பெனியின் சிம்மில் VoLTE-ஐ அணைத்துவிட்டு யாருக்காவது போன் போடுங்கள். மணி அடிக்கத் தொடங்கும்போதே மேலே இருக்கும் 4G எழுத்து மறைந்து E வந்துவிடும், அல்லது எழுத்தே இருக்காது. பேசி முடிக்கும்வரை நெட் நிற்கும். 4ஜி வழியில் குரலை அனுப்ப அனுமதி இல்லாததால், போன் பேச்சுக்காகப் பழைய வழிக்கு இறங்கிப் போய்விட்டது. "பேசும்போது கூகுள் மேப் நின்னுடுது" என்று ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் குறைப்பட்டால், அவர் போனில் VoLTE குறி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. 2016 செப்டம்பரில் 4ஜியோடு மட்டும் சந்தைக்கு வந்த ஜியோவில் இறங்கிப் போக 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. அதனால் அங்கே அந்தக் குறி இல்லையென்றால் வழக்கமான முறையில் பேசவே முடியாது.

இனி வைஃபை. மேலே விரிந்து கீழே ஒரு புள்ளியில் குவியும் அந்தக் குறி, போனுக்கும் வீட்டிலிருக்கும் ரவுட்டருக்கும் இடையிலான இணைப்பை மட்டும்தான் காட்டும். ரவுட்டருக்கு வெளியே இணையம் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. இதற்குப் பதில் தெரிந்துகொள்ள ஆண்ட்ராய்டு ஒரு சோதனை வைத்திருக்கிறது. வைஃபை சேர்ந்தவுடன் கூகுளின் சர்வர் ஒன்றுக்குச் சின்ன வேண்டுகோள் அனுப்பும். எதிர்பார்த்த பதில் வராவிட்டால் வைஃபை குறியின் ஓரத்தில் ஒரு ஆச்சரியக்குறி முளைக்கும். சில போன்களில் பெருக்கல் குறி.

கும்பகோணத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சென்னையிலிருக்கும் மகனைக் கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"நெட்டே வரலைடா. வைஃபை முழுசா இருக்கு."

"அப்பா, அந்த வைஃபை குறிக்குப் பக்கத்துல சின்னதா ஆச்சரியக்குறி ஏதாவது இருக்கா, பாருங்க."

"இரு, கண்ணாடியப் போட்டுக்கறேன்… ஆமாம், இருக்கு."

"அப்ப போன்ல கோளாறு இல்லப்பா. ரவுட்டர்ல சிவப்பு விளக்கு எதாவது எரியுதா?"

"எல்ஓஎஸ்னு போட்டிருக்கு, அது சிவப்பா மினுக்குது."

அதோடு விசாரணை முடிந்தது. எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக இருந்தால் வெளியிலிருந்து வரும் ஃபைபர் கேபிளில் ஒளி வரவில்லை. தெருவில் பள்ளம் தோண்டியிருக்கலாம், மரக்கிளை கேபிளை இழுத்திருக்கலாம், அல்லது ரவுட்டரின் பின்னால் செருகியிருக்கும் மெல்லிய கேபிளே கழன்றிருக்கலாம். போனை அணைத்துப் போடுவதால் பயன் இல்லை. கேபிளைப் பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் இணைப்பு கொடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். அதுவரை வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவைப் போட்டுக்கொள்ளலாம்.

இதே ஆச்சரியக்குறி ரயில் நிலையத்து இலவச வைஃபையிலும் வரும். அங்கே காரணம் வேறு. போன் எண்ணைக் கொடுத்து, வரும் ஓடிபியைப் போட்டு உள்ளே நுழையும்வரை அந்த வலை எதையும் வெளியே விடாது.

விமானம், ப்ளூடூத், அலாரம் கடிகாரம் ஆகியவை பார்த்தவுடன் புரிபவை. விமானக் குறி நின்றால் டவர் கோடுகளே இருக்காது. குழந்தை கையில் போன் போய் வந்த பிறகு இதை முதலில் பார்ப்பது நல்லது.

வட்டத்துக்குள் ஒரு சிறு கோடு, அல்லது பிறை நிலா: இது தொந்தரவு செய்யாதே என்ற நிலை. சைலண்ட் போடவில்லை, வால்யூமும் முழுசாக இருக்கிறது, ஆனாலும் அழைப்பு மணி கேட்பதில்லை என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒரு முறை இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை என்று நேரம் வைத்துவிட்டால் தினமும் தானாக வரும், தானாகப் போகும். அதனால்தான் பகலில் கடைக்குக் கொண்டுபோனால் கோளாறு தெரிவதே இல்லை. அவசரத்துக்கு ஒரு வழி உண்டு. அதன் அமைப்பில், திரும்பத் திரும்பக் கூப்பிடுபவரை அனுமதி என்பதைப் போட்டு வைத்தால், ஆண்ட்ராய்டில் ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் வரும் இரண்டாவது அழைப்பு மணியடிக்கும். வீட்டில் இருப்பவர்களிடம் இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

வலது மூலையில் ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதைக் கவனிக்கலாம். ஏதோ ஒரு ஆப் கேமராவையோ மைக்கையோ அந்த நேரத்தில் பயன்படுத்துகிறது. ஆண்ட்ராய்டில் இது 2021-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. முதலில் கேமரா அல்லது மைக் படமாக வந்து, பிறகு புள்ளியாகச் சுருங்கும். ஐபோனில் கேமராவுக்குப் பச்சை, மைக் மட்டும் என்றால் ஆரஞ்சு. வீடியோ காலில் இருக்கும்போது அது எரிவது இயல்பு. அவசரக் கடன் தருவதாகச் சொல்லும் ஆப் ஒன்றைத் திறந்து படிவம் நிரப்பும்போது எரிந்தால் இயல்பு இல்லை. அந்த நேரத்திலேயே மேலிருந்து பட்டையை இழுத்து, புள்ளி இருந்த இடத்தில் தெரியும் படத்தைத் தொட்டால் எந்த ஆப் என்று பெயரோடு காட்டும். அந்தப் பெயரைத் தொட்டுப் போனால் அதன் அனுமதிகள் இருக்கும் பக்கம் வரும். மைக்குக்கு நேராக 'அனுமதிக்க வேண்டாம்' என்று மாற்றிவிடலாம்.