இரண்டின் அடுக்குகளும் இடைவெளிச் சிறுமமும்

ஓர் அணியில் குறிப்பிட்ட இரண்டு இடங்களுக்கு உட்பட்ட எண்களுள் மிகச்சிறியதைக் கேட்பது இடைவெளிச் சிறும வினவல் எனப்படும். ஒரே அணியின்மீது இத்தகைய வினவல்கள் ஆயிரக்கணக்கில் எழும்போது, ஒவ்வொரு முறையும் எண்களை முதலிலிருந்து ஒப்பிடுவதற்குக் காலம் மிகுதியாகும். எல்லா இடைவெளிகளுக்கும் விடைகளை முன்னரே சேமித்தால் இடம் மிகுதியாகும். 1000 எண்களுக்கு 5,00,500 விடைகள் வேண்டும்.

இவ்விரண்டிற்கும் நடுவழியாக அமைவது ஸ்பார்ஸ் அட்டவணை. நீளம் 1, 2, 4, 8 என இரண்டின் அடுக்குகளாக உள்ள இடைவெளிகளின் சிறுமங்களை மட்டுமே அது சேமிக்கிறது. 1000 எண்களுக்குப் பத்து நிலைகளும் 10,000-க்குக் குறைவான விடைகளும் போதும்.

பின்வரும் அணியைக் காண்க.

| இடம் | 0 | 1 | 2 | 3 | 4 | 5 | 6 | 7 | 8 | 9 |
|---|---|---|---|---|---|---|---|---|---|---|
| எண் | 7 | 4 | 9 | 6 | 3 | 8 | 5 | 7 | 2 | 6 |

நிலை 0 என்பது அணியேயாகும். அடுத்தடுத்த இரண்டு எண்களின் சிறுமங்கள் நிலை 1 ஆகும். அவை 4, 4, 6, 3, 3, 5, 5, 2, 2. நீளம் 4 கொண்ட இடைவெளி, நீளம் 2 கொண்ட இரண்டு பாதிகளால் ஆனது. ஆகவே, நிலை 1-இல் இரண்டு இடம் தள்ளியுள்ள விடைகளை ஒப்பிட்டால் நிலை 2 கிடைக்கும்: 4, 3, 3, 3, 3, 2, 2. இவ்வாறே நிலை 3 அமையும். நீளம் 16 அணியைவிடப் பெரிதாதலால் நிலை 4 தேவையில்லை.

இனி, இடம் 2 முதல் 7 வரையுள்ள சிறுமத்தைக் காண வேண்டும் எனக் கொள்க. இடைவெளியின் நீளம் 6. அதனை மிஞ்சாத மிகப்பெரிய இரண்டின் அடுக்கு 4. எனவே நிலை 2-ஐத் தெரிவு செய்ய வேண்டும். இடப்பக்க எல்லையில் தொடங்கும் துண்டு 2 முதல் 5 வரையும், வலப்பக்க எல்லையில் முடியும் துண்டு 4 முதல் 7 வரையும் அமைகின்றன. இரண்டின் சிறுமமும் 3, விடையும் 3. இடங்கள் 4, 5 இரு துண்டுகளிலும் இடம்பெற்றாலும், ஓர் எண்ணை இருமுறை ஒப்பிடுவதால் சிறுமம் மாறுவதில்லை.

நிலையைத் தவறாகத் தெரிவு செய்தால் விடையும் தவறும். நிலை 1-ஐக் கொண்டால், 2–3, 6–7 ஆகிய துண்டுகளுக்கு நடுவே இடங்கள் 4, 5 விடுபட்டு, 5 என்னும் பிழையான விடை வரும். நிலை 3-ஐக் கொண்டால், துண்டு இடைவெளியைக் கடந்து 9 வரை நீண்டு, 2 என்னும் பிழையான விடை வரும். மிகப்பெரிய அடுக்கின் இருமடங்கு எப்போதும் நீளத்தைவிட மிகுதி. ஆதலால் இரண்டு துண்டுகளுக்கிடையே இடம் எதுவும் விடுபடாது.

பைத்தானில் நிலையை முழு எண் கணக்கீட்டாலேயே பெறலாம்:

```python
k = (r - l + 1).bit_length() - 1
ans = min(t[k][l], t[k][r - 2**k + 1])
```

6-இன் இரும வடிவம் 110. அதில் மூன்று பிட்டுகள் உள்ளமையால் `k` 2 ஆகிறது.

இம்முறைக்கு இரண்டு வரம்புகள் உண்டு. அணியின் ஓர் எண் மாறினால், அதனை உள்ளடக்கிய விடைகளை எல்லா நிலைகளிலும் மீண்டும் கணக்கிட வேண்டும். கூட்டுத்தொகைக்கு இவ்வாறு மேற்பொருந்தும் துண்டுகள் உதவா. பொதுவான எண்கள் இருமுறை கூட்டப்பட்டுவிடும்.

சிந்திக்க: மேற்கண்ட அணியில் இடம் 1 முதல் 5 வரையுள்ள சிறுமத்தைக் காண எந்த நிலையைத் தெரிவு செய்ய வேண்டும்? எத்தனை இடங்கள் இரு துண்டுகளிலும் இடம்பெறும்?